ஐயாவின் கடிதத்தில் படிக்க முடியாத வரிகள்

டொரண்டோவில் இருக்கும் என் சித்தப்பா மகன், எங்கள் தாத்தா ரங்கூனிலிருந்து எழுதிய பழைய கடிதம் ஒன்றைச் செல்போனில் படம்பிடித்து அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருந்தான். பெரும்பகுதியைப் படித்து அனுப்பிவிட்டேன். படிக்க முடியாத இடங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருந்தது. வீட்டில் பழைய கடிதம் வைத்திருக்கும் யாருக்கும் பயன்படக்கூடும் என்பதால், பெயர்களை எடுத்துவிட்டு அந்தப் பதிலை இங்கே தருகிறேன்.

அன்புள்ள தம்பிக்கு,

ஐயாவின் கடிதத்தைப் படித்த வரையில் எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்து அனுப்பியிருக்கிறேன். முன்பக்கம் பத்தொன்பது வரி, பின்பக்கம் பதினாலு வரி. அதில் அங்கங்கே சதுர அடைப்பும் புள்ளிகளும் சாய்கோடும் பார்த்து மிரண்டிருப்பாய். கல்வெட்டுகளை அச்சிடுகிறவர்கள் செய்வதையே நானும் செய்திருக்கிறேன். ஓர் எழுத்து பாதி தெரிந்து, இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றினால் சதுர அடைப்புக்குள் போட்டேன். ஒன்றுமே தெரியாவிட்டால் எழுத்துக்கு ஒரு புள்ளி. இரண்டு விதமாகப் படிக்கலாம், இரண்டுக்கும் இடமிருக்கிறது என்றால் நடுவில் சாய்கோடு. எங்கேயும் நானாக இட்டு நிரப்பவில்லை. நிரப்பினால் நன்றாக ஓடும், கதைபோலவே இருக்கும். ஆனால் அடுத்த தலைமுறை அதை ஐயா எழுதியது என்று நினைத்துக்கொள்ளும்.

படிக்க முடியாதவை எல்லாம் ஒரே காரணத்தால் படிக்க முடியாதவை அல்ல. சிலவற்றுக்குக் குற்றம் படத்தில் இருக்கிறது. நீ மறுபடி எடுத்தால் தெரிந்துவிடும். சிலவற்றில் எழுத்து பளிச்சென்று தெரிகிறது, ஆனால் என்ன வார்த்தை என்று சொல்ல முடியவில்லை. இரண்டே வரியில் தாளே போய்விட்டது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் தேதி. எனக்கு மிகவும் உறுத்துவது அதுதான்.

பிள்ளையார் சுழிக்குக் கீழே, வலப்பக்கமாக, "விஷு௵ மார்கழி௴" என்று தெளிவாக இருக்கிறது. ௵ என்பது வருஷத்துக்கான குறி, ௴ மாதத்துக்கு. அடுத்து ஓர் எண், அதன் பின்னால் ௳, அதாவது தேதி. விஷு வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1881இல் ஐயா பிறக்கவில்லை, 2001இல் அவர் இல்லை, ஆக 1941தான். சிக்கல் எண்ணில் இருக்கிறது. தாள் மடித்த இடம் சரியாக அந்த எண்ணின் அடிப்பகுதி வழியாகப் போகிறது. அதற்கு இடப்பக்கம் ஒரு பழுப்புக் கறை வேறு.

தமிழ் எண்கள் நீ படித்ததில்லை அல்லவா? நாலு என்பது ௪, பார்வைக்கு 'ச' போல. ஆறு என்பது ௬, பார்வைக்கு 'சு' போல. கையெழுத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கீழே இறங்கும் வால்தான். அந்த வால் இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு. ஆகவே நாலா ஆறா என்று தெரியவில்லை. பத்து என்பதற்கு ௰ என்று தனிக் குறி உண்டு, 'ய' மாதிரி இருக்கும். பதினாலு என்றால் ௰௪ என்று எழுதுவார்கள். கறைக்கு உள்ளே ஏதோ ஒரு கோடு தெரிகிறது. அது ௰ ஆக இருக்கலாம், கறையின் ஓரமாகவும் இருக்கலாம். ஆக, மார்கழி 4, 6, 14, 16 என்று நாலு தேதிகள் நம் முன்னால் நிற்கின்றன.

நாளைந்து நாள் முன்பின் ஆனால் என்ன என்று கேட்பாய். ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மேல் முதன்முதலாகக் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் போட்டார்கள். அந்த வருஷம் மார்கழி பிறந்தது டிசம்பர் 15, 16 வாக்கில். மார்கழி 4 அல்லது 6 என்றால் ஐயா இதை எழுதும்போது ரங்கூன் முழுசாக இருக்கிறது. மொகல் தெருவில் லேவாதேவிக் கடைகள் திறந்திருக்கின்றன, வட்டிக் கணக்கு நடந்துகொண்டிருக்கிறது. 14 அல்லது 16 என்றால் குண்டு விழுந்து, ஊர் பாதி காலியாகி, துறைமுகத்தில் கூலியாட்கள் ஓடிவிட்ட பிறகு எழுதியது. அப்போது "இவ்விடம் யாவரும் க்ஷேமம்" என்ற இரண்டாவது வரிக்கு முற்றிலும் வேறு பொருள் வந்துவிடும். அந்த வரியை வைத்துத் தேதியைக் கண்டுபிடிக்கலாமே என்று நினைக்காதே. அந்தக் காலத்தில் வீட்டில் சாவு விழுந்திருந்தாலும் கடிதத்தை க்ஷேமத்தில்தான் தொடங்குவார்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. தேதிக்குப் பக்கத்தில், படத்தின் வலது விளிம்பில், இன்னும் ஏதோ எழுதியிருக்கிறது. பாதி எழுத்துதான் படத்துக்குள் வந்திருக்கிறது. அந்த இடத்தில் வழக்கமாகக் கிழமை எழுதுவார்கள். நம் நாலு தேதிகளும் நாலு வேறு கிழமைகளில் விழுகின்றன. மார்கழி முதல் தேதி டிசம்பர் 15 என்றால் வியாழன், சனி, ஞாயிறு, செவ்வாய். 16 என்றால் வெள்ளி, ஞாயிறு, திங்கள், புதன். விஷு வருஷத்துப் பஞ்சாங்கம் ஒன்றைப் பார்த்தால் இந்த இரண்டு வரிசையில் எது சரி என்று தெரிந்துவிடும். அதன் பிறகு கிழமையில் ஓர் எழுத்துத் தெரிந்தாலே போதும். அதனால் முதல் வேலையாக வலது விளிம்பை முழுசாகப் படம் எடுத்து அனுப்பு.

அடுத்து முன்பக்கம் எட்டு, ஒன்பதாம் வரிகள். இங்கே குற்றம் படத்தில். ஃப்ளாஷ் வெளிச்சம் அங்கே விழுந்து வெள்ளையாகப் பூத்துவிட்டது. எட்டாம் வரியில் "கபபல" என்று நன்றாகத் தெரிகிறது, கப்பல். பிறகு "இட[ம]", இடம். அதன் பிறகு நாலைந்து எழுத்து மறைந்து, கடைசியில் ஐகார எழுத்து ஒன்று வருகிறது. அது 'லை'யா 'ளை'யா என்பதுதான் கேள்வி.

1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னால் ணை, லை, ளை, னை ஆகிய நாலுக்கும் முன்னால் இன்றைக்குப் போடும் ஐகாரக் குறி கிடையாது. எழுத்தின் தலைமேல் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வரும். ணா, றா, னா போன்றவையும் வேறு வடிவம். மொத்தம் பதின்மூன்று எழுத்துகள் அப்படி மாறின. நீ பள்ளிக்கூடம் போனது அதற்குப் பிறகு. உனக்கு அவை அந்நியமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. இந்த இடத்தில் தும்பிக்கை தெரிகிறது. கீழே இருக்கும் எழுத்து வெளிச்சத்தில் கரைந்துவிட்டது. 'லை' என்றால் "கப்பலில் இடம் இல்லை" என்று இருக்கலாம். 'ளை' என்றால் "நாளை" என்று இருக்கலாம். ஒன்று கதவு மூடியதைச் சொல்கிறது, மற்றது மறுநாள் ஏதோ நடக்கப்போவதைச் சொல்கிறது. ஐயா கப்பலில் வரவில்லை, தமு வழியாக மணிப்பூருக்கு நடந்து வந்தார் என்றுதான் அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதனால் "இல்லை" என்று போட்டுவிட எனக்கும் கை துறுதுறுத்தது. போடவில்லை. நமக்குத் தெரிந்த கதையை வைத்துக் கடிதத்தைப் படித்தால், பிறகு அந்தக் கடிதத்தையே கதைக்குச் சாட்சியாகக் காட்ட முடியாது.

உன் படத்தின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். எனக்கு வந்தது நீளவாட்டில் 1600 புள்ளி. அதிலும் நீ மேசையையும் காபிக் கோப்பையையும் சேர்த்து எடுத்திருக்கிறாய். தாள் பாதி இடத்தைத்தான் அடைத்திருக்கிறது. 25 சென்டிமீட்டர் தாளுக்கு 800 புள்ளி என்றால் சென்டிமீட்டருக்கு 32. ஐயாவின் எழுத்து ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரம், அதாவது பத்துப் புள்ளி. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி அரை மில்லிமீட்டர்கூட இராது. அதற்கு ஒன்றரை புள்ளி கிடைக்கும். படத்தைச் சுருக்கும் கணக்கு அதைத் தூசி என்று துடைத்துவிடும். சில இடங்களில் தாளின் அழுக்கைப் புள்ளியாகக் காட்டவும் செய்யும். அதனால் ஆவணமாக, அதாவது டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து, மூலப் படத்தை அப்படியே அனுப்பு. தாள் முழுசாக ஒரு படம், பிறகு நாலு கால்பகுதிகளாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி நாலு படம். செல்போனைத் தாளுக்கு நேர் மேலே, சாயாமல் பிடி. ஃப்ளாஷ் வேண்டாம். வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம் போதும். தாளை ஸ்கேன் செய்வதாகச் சொல்லி வெள்ளைவெளேரென்று ஆக்கித்தரும் செயலிகள் உண்டு. அவற்றைத் தொடாதே. எழுத்தைப் பளிச்சென்று காட்டுவதற்காக மங்கலான கோடுகளை எல்லாம் அழித்துவிடும்.

இனி பன்னிரண்டாம் வரி. இதை எப்படி எழுதுவது என்று யோசித்துத்தான் கடைசியில் எழுதுகிறேன். இங்கே எழுத்து நன்றாகவே தெரிகிறது. "பொயசொனனார" என்று இருக்கிறது.

ஐயா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அவருக்கு எப்போதாவது நினைவு வந்தால்தான். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரே வடிவம். அவற்றை இன்றுபோல வேறுபடுத்திக் காட்டும் ஏற்பாடு பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்தது. அச்சில் நிலைத்துவிட்டாலும் கணக்குப்பிள்ளைகளின் கையெழுத்துக்கு அது வந்துசேர வெகுகாலம் பிடித்தது. ரகரமும் காலும்கூட அந்தக் கையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். இவ்வளவும் தெரிந்து படித்தால் பெரும்பாலான வார்த்தைகள் தானாகப் பிடிபட்டுவிடும். நாம் வாக்கியத்தின் போக்கில்தானே படிக்கிறோம். ஆனால் "பொயசொனனார" என்பது "போய்ச் சொன்னார்" ஆகவும் இருக்கலாம், "பொய் சொன்னார்" ஆகவும் இருக்கலாம்.

யாரைப் பற்றிய வரி என்று உனக்குத் தெரியும். அவர் பேச்சு எடுத்தாலே அப்பத்தா எழுந்து உள்ளே போய்விடும். அதனால் நிதானமாகப் பார்த்தேன்.

"போய்ச் சொன்னார்" என்றால் நடுவில் ஒரு ச் மிகும், "பொயசசொனனார" என்று இரண்டு சகரம் வர வேண்டும். "பொய் சொன்னார்" என்பதில் மிகாது. உன் படத்தில் ஒரு சகரம்தான் தெரிகிறது. அப்படியானால் பொய்தான் என்று முடித்துவிடலாமா? முடியாது. ஐந்தாம் வரியைப் பார். "பொயபாரததென" என்று எழுதியிருக்கிறார். அது "போய்ப் பார்த்தேன்" என்பதைத் தவிர வேறாக இருக்க வழியில்லை. அங்கேயும் ப் மிக வேண்டும், ஐயா போடவில்லை. ஒற்று மிகும் இடத்தில் அதை விட்டுவிடுவது அவர் வழக்கம். ஆக, இங்கே ச் இல்லாதது எதையும் நிரூபிக்காது. நல்ல படத்தில் இரண்டாவது சகரம் தென்பட்டால் மட்டும் "போய்ச் சொன்னார்" என்று உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொரு தடயம் அதற்கு முந்தைய வார்த்தையில் இருக்கிறது. முடிவில் "ககு" தெரிகிறது, "க்கு" என்ற வேற்றுமை. அதற்கு முன் ஓர் எழுத்து, குறுக்கு மடிப்பில். அது 'கி' என்றால் "கிட்டங்கிக்கு" என்று வார்த்தை அமையும். கிட்டங்கிக்குப் போய்ச் சொன்னார் என்று பொருள் முடிந்துவிடும், பொய்க்கு அங்கே இடமில்லை. 'ளு' என்றால் "மேலாளுக்கு" என்று ஆகும், அப்போது இரண்டும் பொருந்தும். எனக்கு 'கி'யின் மேல்வளைவு மாதிரி ஒன்று தெரிகிறது. ஆனால் எனக்கு எது தெரிய வேண்டும் என்று ஆசை இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள். பெயர்ப்பில் "போய்ச்/பொய் சொன்னார்" என்றே போட்டிருக்கிறேன். சித்தப்பாவிடம் படித்துக் காட்டினால் சாய்கோட்டையும் சேர்த்துப் படித்துக் காட்டு.

மடிப்பைப் படிக்க ஒரு முறை உண்டு. அறையை இருட்டாக்கிவிட்டு, ஒரு சின்ன டார்ச்சை மேசையோடு மேசையாக, தாளின் பக்கவாட்டில் வைத்து அடி. வெளிச்சம் தாளின் மேல் தவழ்ந்து போக வேண்டும். பேனா முள் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும்; மை உதிர்ந்துபோயிருந்தாலும் பள்ளம் இருக்கும். மடிப்பே பெரிய நிழல் தரும் என்பதால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடித்தால் ஏமாற்றிவிடும். இடம், வலம், மேல், கீழ் என்று நாலு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் படம் எடு. நாலிலும் அதே இடத்தில் நிற்கிற கோடுதான் பேனாக் கோடு. தாளை நிமிர்த்துவதற்காகத் தண்ணீர் தெளிப்பது, இஸ்திரி போடுவது எதுவும் கூடாது. ஓரங்களில் நாணயம் நாலு வைத்தால் போதும்.

பின்பக்கத்தில் நாலாம் வரி பாதி தீர்ந்துவிட்டது. தாள் மெலிசு, முன்பக்கத்து எழுத்து தலைகீழ்க் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பின்னால் தெரிகிறது. அந்த வரியில் ஒரு தொகை. ரூபாய்க் குறி ௹, பிறகு ஓர் எண், ௱, ௫௰. ௱ நூறு, ௫௰ ஐம்பது. முதல் எண் ௨ போலவும் இருந்தது, ௩ போலவும் இருந்தது. முன்பக்கப் படத்தை இடவலமாகத் திருப்பி, அதை இதன்மேல் வைத்துப் பார்த்தேன். கூடுதலாகத் தெரிந்த வளைவு முன்பக்கத்து எழுத்தினுடையது. அதைக் கழித்தால் ௨தான் மிச்சம். இருநூற்றைம்பது ரூபாய். அடுத்தாளாக இருந்தவருக்கு அது சின்னத் தொகை இல்லை. அடுத்து ஒரு 'வ' இருக்கிறது. பழைய கணக்கில் கால் என்பதற்கு 'வ' மாதிரித்தான் குறி. இருநூற்றைம்பதேகால் என்றும் படிக்கலாம், "வட்டி" என்று ஏதோ தொடங்கி மடிப்புக்குள் போய்விட்டது என்றும் படிக்கலாம். கடிதத்தில் கால் ரூபாய்க் கணக்கு யார் எழுதுவார்கள் என்று நீ நினைக்கலாம். பேரேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எழுதுவார்கள். பின்பக்கத்தை மறுபடி எடுக்கும்போது தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை ஒன்றை வை. அடியில் வெள்ளை இருந்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து மறுபக்கத்து எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். கறுப்பு அதை விழுங்கிவிடும்.

ஒன்பது, பத்தாம் வரிகளில் நீர்க்கறை. எழுத்து வெளிறி, பழுப்பு நூல் மாதிரி கிடக்கிறது. "பிள்ளைகளை" என்ற ஒரு வார்த்தைதான் தேறியது. அவர் எழுதியது அந்தக் காலத்து நீலக்கறுப்பு மை. அதில் இரும்புச் சத்து உண்டு. நீல நிறம் வெளுத்துப்போனாலும் இரும்பு தாளிலேயே தங்கியிருக்கும். கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கிறார்களே, அந்தப் புறஊதா விளக்கை இருட்டில் காட்டினால் தாள் லேசாக ஒளிரும், இரும்பு மை இருக்கும் இடம் அதில் கறுப்பாகத் தெரியும். படம் எடுக்கிற நேரம் மட்டும் விளக்கைப் போடு. அந்த வெளிச்சம் தாளுக்கும் கண்ணுக்கும் நல்லதல்ல. தண்ணீர் மையை முழுசாகவே அடித்துக்கொண்டு போயிருந்தால் இதிலும் ஒன்றும் தெரியாது.

கடைசி இரண்டு வரிகளின் வலதுபாதி இராமபாணம் தின்றது. அதற்குப் புள்ளிகள்தான். எத்தனை எழுத்து போயிருக்கும் என்று மேல்வரிகளின் நீளத்தை வைத்துக் கணக்கிட்டு அத்தனை புள்ளி வைத்தேன். கையொப்பத்தின் தலைப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது.

இப்போது நீ கவனிக்காத ஒன்று. பின்பக்கத்தின் இடது ஓரத்தில், கீழிருந்து மேலாக, செங்குத்தாக ஒரு வரி போகிறது. உன் படத்தில் அதன் வலதுபாதிதான் விழுந்திருக்கிறது. எழுத்துகளின் அடிக்கால் மட்டும் வரிசையாகத் தெரிகிறது. தாள் தீர்ந்த பிறகு ஞாபகம் வந்ததை ஓரத்தில் எழுதுவது அந்தக் காலத்து வழக்கம். கையெழுத்தும் அங்கே நெருக்கமாக, வேகமாக இருக்கிறது. பதினாலு வரி எழுதி, கையொப்பமும் போட்டு முடித்துவிட்டு, பிறகு தாளைத் திருப்பி எழுதியிருக்கிறார். மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரியை நான் படிக்க வேண்டும்.

உறை இருக்கிறதா என்றும் தேடிப் பார். பெட்டியின் அடியில் விரித்த தாளுக்குக் கீழேகூடப் பார். 1937இலேயே பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்துவிட்டதால் தபால் தலை பர்மாவினுடையதாக இருக்கும். அதன்மேல் விழுந்த முத்திரையில் ஆங்கிலத் தேதி இருக்கும். யுத்தத் தணிக்கையில் பிரித்துப் பார்த்திருந்தால் ஓரத்தில் சீட்டு ஒட்டியிருப்பார்கள், அதை உரிக்காதே. முத்திரை கிடைத்தால் மார்கழிக் கணக்கு முழுவதும் ஒரே பார்வையில் தீர்ந்துவிடும். ஊரில் வந்து சேர்ந்த நாளின் முத்திரையும் பின்னால் இருந்தால், கடிதம் எத்தனை நாள் வழியில் கிடந்தது என்பதும் தெரியும்.

இங்கே விஷு வருஷத்துப் பஞ்சாங்கத்துக்குக் கோட்டையூரில் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சித்தப்பாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை லாமினேட் செய்து சுவரில் மாட்டலாம் என்று உன் மகள் சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிவிடும், திரும்பப் பிரிக்க முடியாது; பக்கவாட்டு வெளிச்சத்தில் பேனாப் பள்ளமும் தெரியாது. செல்லோடேப்பும் வேண்டாம். மாட்ட ஆசை என்றால் நல்ல படம் ஒன்றை அச்சடித்து மாட்டிக்கொள்ளட்டும்.